52 வயதுக்கு 168 தானா? அதிகபட்ச இதயத்துடிப்புக் கணக்கு எங்கே பிசகுகிறது

கேள்வி: எனக்கு 52 வயது. உப்புவெளியில் இருந்து நிலாவெளி வீதியில் காலையில் ஓடுகிறேன். குளிசை எதுவும் எடுப்பதில்லை, ஓய்வில் துடிப்பு 58. 220-இல் வயதைக் கழித்தால் 168 வருகிறது. ஆனால் என் வாட்ச் கடைசி இரண்டு கிலோமீட்டரில் 172, 174 என்று காட்டிச் சிவப்பாகி அதிர்கிறது. அந்த நேரத்திலும் கூட ஓடுபவரோடு இரண்டு மூன்று வார்த்தை பேச முடிகிறது. வீட்டில் பயப்படுகிறார்கள். இதயம் தாங்காதா, அல்லது கணக்கு பிழையா?

பதில்:

உங்கள் இதயம் 168-க்கு மேல் துடிக்கிறது என்பது மட்டும் நோய்க்கு அடையாளம் இல்லை. 168 உங்களை அளந்து வந்த எண் அல்ல. 52 வயதுக்காரர் பலரை ஒன்றாகக் கூட்டினால் நடுவில் எங்கோ விழக்கூடிய எண், அதுவும் கொஞ்சம் தாழ்வாக. ஆரோக்கியமான ஒரு 52 வயதுக்காரரின் உண்மையான உச்சம் 160 ஆகவும் இருக்கலாம், 190 ஆகவும் இருக்கலாம். இரண்டும் இயல்புதான்.

இந்த 220 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன்மேல் உள்ள பயம் பாதி குறையும். 1970-71 அளவில் அமெரிக்காவில் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கல் முதலானோர் இதய நோயும் உடற்பயிற்சியும் பற்றி எழுதும்போது, அதுவரை வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் சராசரிகளை வயதுக்கு எதிரே புள்ளிகளாக வைத்துப் பார்த்தார்கள். புள்ளிகளின் நடுவே கண்ணால் ஒரு கோடு போட்டால் கிட்டத்தட்ட 220 கழித்தல் வயது என்று வந்தது. மனதில் நிற்கும் எளிய எண் என்பதால் அது பாடப்புத்தகத்துக்கும், ஜிம் சுவருக்கும், கடைசியில் வாட்சுக்குள்ளும் போய்விட்டது. 2002-இல் ராபர்க்ஸ், லான்ட்வேர் என்ற இருவர் அந்தப் பழைய புள்ளிகளையே எடுத்து முறையாகக் கணக்கிட்டுப் பார்த்தபோது, 220 என்ற கோடுகூட அவற்றுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஃபின்லாந்துக்காரர் கார்வோனன் கண்டுபிடித்த சூத்திரம் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் சரியல்ல. அவருடையது வேறொரு முறை, கீழே அது உங்களுக்குத் தேவைப்படும்.

சரி, இதைவிட நல்ல சூத்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. 2001-இல் டனாகாவும் கூட்டாளிகளும் 351 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 208 − 0.7 × வயது என்று கொடுத்தார்கள். 2013-இல் நோர்வேயில் ஆரோக்கியமான 3,320 பேரை ட்ரெட்மில்லில் முழுமூச்சாக ஓடவிட்டு நேரடியாக அளந்தபோது 211 − 0.64 × வயது என்று வந்தது. உங்கள் வயதுக்கு முதலாவது 172, இரண்டாவது 178. பழைய கணக்கைவிட நாலு முதல் பத்துத் துடிப்பு உயர்வு. 40 வயதில் 220-உம் டனாகாவும் ஒரே 180-ஐத்தான் தருகின்றன. அதற்குப் பிறகு வயது ஏற ஏற 220 ஒருவரைத் தேவைக்கு மேல் கீழே தள்ளுகிறது. 65 வயதில் அது 155 என்கிறது. டனாகா 162 அல்லது 163, நோர்வே கணக்கு 169. அதனால் 50 தாண்டியவர்கள் வாட்சோடு மல்லுக்கட்டுவது தற்செயல் அல்ல.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். சூத்திரத்தை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. நோர்வே ஆய்விலேயே ஒரே வயதுக்காரருக்குள் இருந்த சிதறல் ஏறக்குறைய 11 துடிப்பு. அதாவது கணக்கு 178 என்றால், மூன்றில் இரண்டு பேரின் உண்மையான உச்சம் 167-க்கும் 189-க்கும் இடையில் விழும். மூன்றில் ஒருவர் அதற்கும் வெளியே. இருபதில் ஒருவர் 156-க்குக் கீழேயோ 199-க்கு மேலேயோ இருப்பார். இந்தச் சிதறல் எந்த நல்ல சூத்திரத்திலும் போகாது, ஏனென்றால் சூத்திரத்துக்குள் போவது வயது ஒன்றுதான். வகுப்பின் சராசரி உயரத்தை வைத்து ஒரு பிள்ளைக்குச் சீருடை தைப்பது போன்ற வேலை அது. சராசரியை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது பொருந்த வேண்டும் என்றில்லை.

ஏன் ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபாடு? இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு கணுதான் துடிப்பைத் தொடக்கிவைக்கிறது. நரம்புகளின் கட்டளை எதுவும் இல்லாமல் விட்டால் அது தானாக எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்பது ஒவ்வொருவருக்கும் ஒரு விதம். அந்த இயல்பு வேகம் வயதோடு மெல்லக் குறைகிறது. கூடவே, அட்ரினலினுக்கு அந்தக் கணு தரும் பதிலும் மந்தமாகிறது. இரண்டும் சேர்ந்துதான் உச்சம் இறங்குகிறது. பயிற்சி செய்து இதை ஏற்ற முடியாது. நன்றாகப் பயிற்சி செய்பவருக்கு உச்சம் சில துடிப்பு குறையக்கூடச் செய்யும். எனவே 190 உச்சம் உள்ளவர் 170 உச்சம் உள்ளவரைவிடத் திடமானவர் என்று அர்த்தம் இல்லை. உங்களோடு ஓடுபவரின் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை.

எங்களோடு ஓடும் இருவரை உதாரணத்துக்குச் சொல்கிறேன், எதிரெதிர் திசையில் பிசகியவர்கள். ஒருவர் 56 வயது ஆசிரியர். 220 கணக்கில் அவருக்கு 164. முறையாகச் சோதித்தபோது 183. வாட்ச் அவரது இலேசான ஓட்டத்தை 107 முதல் 123 வரை என்று வகுத்து வைத்திருந்தது, அதாவது உச்சத்தின் 65 முதல் 75 சதவீதம். அந்த எண்ணுக்குள் நிற்க அவர் ஓடாமல் நடக்க வேண்டியிருந்தது. உண்மையான உச்சத்தில் அதே சதவீதம் 119 முதல் 137. அவர் இயல்பாக ஓடிய வேகம் அதற்குள்தான் இருந்தது. மற்றவர் 38 வயதுப் பெண். 220 கணக்கில் 182, சோதனையில் 169. நாலு நிமிடக் கடும் ஓட்டத்துக்கு உச்சத்தின் 90 முதல் 95 சதவீதம் என்று அவரது திட்டத்தில் இருந்தது. 182-ஐ வைத்தால் 164 முதல் 173. இந்த எண்ணின் மேல் பாதியை அவரது இதயம் எட்டவே முடியாது. ஒவ்வொரு முறையும் இலக்கைத் தொடாமல் தன் உடம்பில் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார். சரியான எண் 152 முதல் 161. பெண்களுக்கென்று 2010-இல் குலாட்டியும் கூட்டாளிகளும் 5,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்து 206 − 0.88 × வயது என்று தந்தார்கள். அது இவருக்கு 173 என்கிறது. கிட்ட வந்தது, ஆனால் அதுவும் சராசரிதான்.

இப்போது உங்கள் 174. அதை நம்பும் முன் வாட்சைச் சந்தேகியுங்கள். மணிக்கட்டு வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தின் அலையைப் பார்க்கிறது. ஓடும்போது கை ஆடுவதும் ஒரு அலைதான். பெரும்பாலானோர் நிமிடத்துக்கு 160 முதல் 175 அடி வைக்கிறோம். வாட்ச் சில நேரம் அந்த அடியைத் துடிப்பென்று பிடித்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நிமிடத்திலேயே 115-இல் இருந்து 168-க்குத் தாவி, மேட்டிலும் சமதரையிலும் அசையாமல் அங்கேயே நின்றால், அது உங்கள் காலின் எண். அடி எண்ணிக்கையை வாட்சிலேயே பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். உண்மையான துடிப்பு மெல்ல ஏறும், மேட்டில் கூடும், நின்றதும் படிப்படியாக இறங்கும். சந்தேகம் வந்தால் நின்ற உடனேயே கழுத்தில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். எண்ணும்போதே துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும், அதனால் நாலைந்து குறைவாக வருவது வழக்கம். முப்பது குறைவாக வந்தால் வாட்ச் பொய் சொன்னது.

இதற்கு நெஞ்சுப்பட்டி வாங்குவது பணத்துக்குப் பிரயோசனமான காரியம். அது இதயத்தின் மின்சாரத்தை நேரடியாகப் பிடிக்கிறது. கட்டும் முன் உட்பக்கத்து இரண்டு மின்முனைகளையும் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். உலர்ந்த பட்டி முதல் பத்து நிமிடம் 200, 220 என்று கூரான முட்களைக் காட்டும், வியர்வை வந்த பிறகு சரியாகிவிடும். அந்த முள்ளைத் தன் உச்சம் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

அடுத்தது எங்கள் ஊர் வெயில். கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கே வீதி சுடுகிறது. அப்படி ஓடும்போது இரத்தத்தின் ஒரு பங்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைகிறது. ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தமும் குறைந்துவிடுவதால், அதை ஈடுகட்ட இதயம் அடிக்கடி துடிக்கிறது. வேகம் கொஞ்சமும் கூடாமலே முக்கால் மணி நேரத்தில் பத்து, பதினைந்து துடிப்பு ஏறிவிடும். உங்களுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டரில் மட்டும் 170 தாண்டுவதற்கு இது போதுமான விளக்கம். ஒன்றைக் கவனியுங்கள்: வெயில் அதே வேலைக்கான துடிப்பைத்தான் ஏற்றுகிறது, உங்கள் உச்சம் என்ற கூரையை உயர்த்துவது அதன் வேலை அல்ல. 174 உண்மை என்றால் உங்கள் கூரை 174-க்குக் கீழே இல்லை என்பது உறுதி. உச்சத்தில் யாராலும் பேச முடியாது. நீங்கள் இரண்டு மூன்று வார்த்தை பேசுகிறீர்கள், பிறகும் ஓடுகிறீர்கள். அப்படியானால் உங்கள் உச்சம் 180-க்கு மேல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அதை எப்படி அளப்பது? முதலில் யார் அளக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ இறங்கும் வலி, தலைசுற்றல், இதயம் ஒழுங்கில்லாமல் படபடத்தல் இவற்றில் ஒன்று வந்திருந்தாலும், சர்க்கரை நோய், பிரஷர், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் இருந்தாலும், முதலில் வைத்தியரிடம் போய் ஈசிஜியோடு ட்ரெட்மில் சோதனை செய்யுங்கள். 52 வயதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருமுறை வைத்தியரிடம் கேட்டுவிட்டு இறங்குவதையே நான் விரும்புவேன். இதை வாசிக்கும் வேறு யாராவது அட்டினோலால், பைசோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்புக் குளிசை எடுத்தால், இந்தச் சூத்திரங்கள் எதுவும் அவருக்குப் பொருந்தாது. அந்தக் குளிசை உச்சத்தை இருபது, முப்பது துடிப்பு இறக்கிவிடும். சோதனைக்காகக் குளிசையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

ட்ரெட்மில் சோதனை அறிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் 220 கணக்கின் 85 சதவீதத்தைத் தொட்டதும் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு அது 143. அறிக்கையில் அடைந்த உச்சத் துடிப்பு 145 என்று அச்சாகி வரும். அது மெஷினை நிறுத்திய இடம், உங்கள் உச்சம் அல்ல. உங்கள் உண்மையான உச்சம் 186 என்றால் 145 என்பது 78 சதவீதம்தான். எனவே சோதனைக்கு முன்பே, களைத்து முடியாமல் போகும் வரை ஓட விட முடியுமா என்று கேளுங்கள். வைத்தியர் சம்மதித்தால் ஒரே தடவையில் பாதுகாப்பும் எண்ணும் இரண்டும் கிடைக்கும்.

வைத்தியர் தடையில்லை என்றால் வீதியிலும் அளக்கலாம். நோர்வே ஆய்வாளர்கள் பொதுமக்களுக்குச் சொல்லும் முறையையே நானும் பின்பற்றுகிறேன். நல்ல நித்திரை கொண்ட ஒரு காலை, வெளிச்சம் வந்தவுடன், வெயில் ஏறும் முன். முந்தைய இரண்டு நாள் கடும் ஓட்டம் வேண்டாம், காய்ச்சல் விட்ட வாரமும் வேண்டாம். வியர்க்கும்வரை கால் மணி நேரம் இலேசாக ஓடுங்கள். பிறகு பேச முடியாத அளவு வேகத்தில் நாலு நிமிடம், மூன்று நிமிடம் மெல்லோட்டம், மறுபடியும் நாலு நிமிடம், மறுபடியும் மூன்று நிமிடம் மெல்லோட்டம். மூன்றாவதை அதே வேகத்தில் தொடங்கி, இரண்டு நிமிடம் ஆனதும் வேகத்தைக் கூட்டி, இனி ஒரு அடியும் வைக்க முடியாது என்ற இடம்வரை போங்கள். அப்போது நெஞ்சுப்பட்டி காட்டும் மிக உயர்ந்த எண் உங்கள் உச்சம். நின்ற பிறகும் ஓரிரு செக்கன் எண் ஏறலாம், அதையும் பாருங்கள்.

இதற்கு ஏற்றம் வேண்டும். சமதரையில் இதயம் முடியும் முன் கால் முடிந்துவிடும். ஃபிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. பூசைக்கு வருபவர்களின் வாகனங்கள் சேரும் முன் போய்விட வேண்டும், மான்களும் குறுக்கே வரும். அது சரிப்படாவிட்டால் ஓர்ஸ்ஹில் ஏற்றம். தனியாகப் போகாதீர்கள், ஒருவர் சைக்கிளிலாவது கூட வரட்டும். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே சோதனை முடிந்தது, அன்றே வைத்தியர்.

உண்மையில் உச்சத்தைத் தொட்டீர்களா என்று எப்படித் தெரியும்? கடைசி அரை நிமிடத்தில் வேகம் கூடியும் எண் ஏறாமல் நின்றிருந்தால் தொட்டுவிட்டீர்கள். ஓடி முடிக்கும்வரை எண் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் சில துடிப்பு மிச்சம் இருக்கிறது. அப்படியானால் ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடி செய்யுங்கள். கிடைக்கும் எண் ஓட்டத்துக்கு உரியது. சைக்கிளில் பெரும்பாலானோருக்கு அதைவிட ஐந்து முதல் பத்துக் குறைவாக இருக்கும், நீச்சலில் இன்னும் குறைவு.

சோதனையில் உங்களுக்கு 186 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கார்வோனன் முறை வருகிறது. 186-இல் இருந்து ஓய்வுத் துடிப்பு 58-ஐக் கழித்தால் 128. இலேசான ஓட்டத்துக்கு அதன் 60 முதல் 70 சதவீதத்தை எடுத்து 58-ஐக் கூட்டினால் 135 முதல் 148. இதே கணக்கை 168-ஐ வைத்துச் செய்தால் 124 முதல் 135. இரண்டு எல்லைகளும் ஓரத்தில் மட்டுமே தொடுகின்றன. நீங்கள் 140-இல் நிம்மதியாகப் பேசிக்கொண்டு ஓடினாலும் வாட்ச் கடினம் என்று சொல்வது இதனால்தான்.

முழுமூச்சுச் சோதனை வேண்டாம் என்று நினைத்தால், உச்சத்தையே தேடாமல் விடலாம். பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரப்பிய முறையில், தனியாக 30 நிமிடம் முடிந்த அளவு சீரான கடும் வேகத்தில் ஓடி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுப்பார்கள். அது உங்கள் தாங்கு எல்லை. இலேசான ஓட்டம் அதன் 89 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதுவும் கடுமைதான், ஆனால் கடைசிச் சொட்டுவரை போக வேண்டியதில்லை. அதுவும் வேண்டாம் என்றால் பேச்சுச் சோதனையே போதும்: ஒரு தேவாரத்தின் இரண்டு வரியை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் இலேசான ஓட்டம். அது வயதையும் வாட்சையும் கேட்பதில்லை.

எண் கிடைத்ததும் வாட்ச் செட்டிங்ஸில் Max HR என்ற இடத்தில் நீங்களே அதைப் பதியுங்கள். உச்சத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உலர்ந்த பட்டியின் ஒரு முள் 212 என்று ஏறி எல்லா எல்லைகளையும் மாற்றிவிடும். உச்சம் சராசரியாக ஆண்டுக்கு முக்கால் துடிப்புக்கும் குறைவாகவே இறங்குகிறது, அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இடையில் ஒரு நாள், பட்டி நனைந்திருக்க, ஏற்றத்தில் மெல்ல ஏறி 188 வந்து சில செக்கன் நின்றால், 186-ஐ அழித்துவிட்டு 188 என்று போடுங்கள். அதே ஓட்டத்தில் வழக்கத்தைவிடத் திடீரென முப்பது நாற்பது துடிப்பு தாவி, நின்ற பிறகும் இறங்க மறுத்தால், அது எல்லை மாற்றும் விஷயம் அல்ல. பதிவை அழிக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.